உங்கள் கையால் ஐந்து முழம்



சுடிதார் ஷால் எவ்வளவு நீளம் வாங்குவது என்று இந்த ஒரு மாதத்தில் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஒருத்திக்கு வாங்கின ஷால் தரையைக் கூட்டுகிறது. இன்னொருத்திக்கு இடுப்போடு நின்றுவிடுகிறது. மூன்றாவது பெண் தலைக்குக் கட்டும் ஸ்கார்ஃபைப் பற்றிக் கேட்டாள். தனித்தனியாக டைப் அடிக்க விரல் வலிக்கிறது. அதனால் மூவருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். தையல் வகுப்பில் என்னிடம் படித்தவர்கள் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு உட்காரலாம். டேப் தொலைந்துபோயிருந்தாலும் பரவாயில்லை, கை இருந்தால் போதும்.

கடையில் ஷாலின் நீளம் பெரும்பாலும் இரண்டே கால் மீட்டர் அல்லது இரண்டரை மீட்டர், அகலம் தொண்ணூறு சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். செட்டாக வரும் சுடிதாரில் சில சமயம் இரண்டு மீட்டர்தான் வைக்கிறார்கள். ஸ்டோல் என்று தனியாக விற்பது 180 முதல் 200 சென்டிமீட்டர் நீளமும் எழுபது சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. நான்கு அடி பத்து அங்குலப் பெண்ணுக்கும் ஐந்து அடி ஏழு அங்குலப் பெண்ணுக்கும் இதே அளவுகள்தான். மேல்சட்டைக்கு எஸ், எம், எல் என்று பார்த்துப் பார்த்து எடுக்கிறோம். ஷாலுக்கு மட்டும் யாரும் அளவு கேட்பதில்லை.

நான் சொல்லப்போகும் கணக்கு மிக எளிது. ஷாலை உங்கள் சொந்த முழத்தால் அளந்து பாருங்கள். இரண்டு தோளிலும் போட்டு முன்னால் மாலை மாதிரி விடுவதென்றால் ஐந்து முழம். ஒரு தோளில் மட்டும் போடுவதென்றால் நான்கு முழம். முழம் என்பது முழங்கை முனையிலிருந்து நடுவிரல் நுனி வரை. பூ வாங்கும்போது பூக்காரம்மாவின் கை குட்டையாக இருந்தால் நமக்கு நஷ்டம் என்று சொல்வோம் இல்லையா? ஆளுக்கு ஆள் முழம் மாறும் என்ற அந்தக் குறைதான் இங்கே நமக்கு உதவுகிறது. குள்ளமானவரின் முழம் சின்னது, உயரமானவரின் முழம் பெரியது. உங்கள் உயரம் உங்கள் கையிலேயே எழுதியிருக்கிறது.

இது எப்படி வருகிறது என்பதை என் தம்பி மகளை வைத்தே சொல்கிறேன். அவள் உயரம் நான்கு அடி பத்து அங்குலம், அதாவது 147 சென்டிமீட்டர். முழம் 39. வேலைக்குப் போக ஆரம்பித்ததும் ஆசையாக ஒரு சுங்குடி ஷால் வாங்கினாள். இரண்டரை மீட்டர், நல்ல அரக்கு நிறம். "அத்தை, நடக்கும்போது காலில் சிக்குது. ஆனா கண்ணாடி முன்னாடி நின்னா அழகாத்தான் இருக்கு" என்றாள். அவளை நிற்கவைத்து அளந்தோம்.

முதலில், இடது தோள் தையலிலிருந்து முன்பக்கம் இறங்கி, கழுத்துக் குழிக்கு நான்கு விரல் கீழே வளைந்து, வலது தோள் தையல் வரை டேப்பைத் தொங்கவிட்டேன். ஐம்பது சென்டிமீட்டர் வந்தது. இரண்டரை மீட்டரில் அது போக மிச்சம் 200. பின்னால் இரண்டு பக்கமும் ஆளுக்குப் பாதியாக நூறு நூறு சென்டிமீட்டர் தொங்கும். அவளுடைய தோள் தரையிலிருந்து 120 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே நிற்கும்போது நுனி தரைக்கு இருபது சென்டிமீட்டர் மேலே, கணுக்காலுக்குச் சற்று மேல் ஆடும். கண்ணாடி முன்னால் அசையாமல் நிற்பவளுக்கு அது அழகாகத்தான் தெரியும்.

பிறகு நாற்காலியில் உட்காரச் சொன்னேன். சாதாரண நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து 45 சென்டிமீட்டர். உட்கார்ந்தபின் அவள் தோள் 95 சென்டிமீட்டர் உயரத்துக்கு வந்துவிட்டது. ஷால் தொங்குவதோ நூறு. ஐந்து சென்டிமீட்டர் துணி தரையில் கிடக்கிறது. அலுவலகத்தில் அவளுக்குச் சக்கரம் வைத்த நாற்காலி. நாளைக்கு நான்கு முறையாவது நாற்காலிச் சக்கரம் ஷால்மேல் ஏறுகிறது, எழுந்தால் தோள் ஊக்கு கிழிக்கிறது. துணியில் இரண்டு இடத்தில் ஓட்டை விழுந்ததற்குக் காரணம் அதுதான். துணி மட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத் தோளிலிருந்து முழங்கால் வரை 78 சென்டிமீட்டர். நுனி முழங்காலோடு நின்றால் நடக்கும்போது சிக்காது, உட்கார்ந்தாலும் தரையைத் தொடாது. இரண்டு பக்கத்துக்கு 156, முன் வளைவுக்கு ஐம்பது, கூட்டினால் 206. அவள் கையால் ஐந்து முழம் 195. நுனி முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும். ஐந்தரை முழம் எடுத்தால் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் எதுவும் அவளுக்குப் பொருந்தும். எனவே செட்டோடு வரும் இரண்டு மீட்டர் ஷாலை "கொடுத்ததே குட்டையாகக் கொடுத்துவிட்டார்கள்" என்று அவள் ஒதுக்கி வைத்திருந்தாளே, அதுதான் அவளுக்கான சரியான அளவு.

ஒரே தோளில் மடித்துக் குத்துவதென்றால் முன் வளைவு கிடையாது. முன்னால் முழங்கால் வரை 78, பின்னால் 78, மொத்தம் 156. அவள் முழத்தில் அது நறுக்காக நான்கு. இரண்டரை மீட்டரை ஒரே தோளில் சமமாகப் போட்டால் பக்கத்துக்கு 125 தொங்கும், தோள் உயரமோ 120. நின்றாலே தரையில் புரளும்.

இப்போது உயரமான பெண்ணுக்கு வருவோம். என் பழைய மாணவி ஒருத்தி ஐந்து அடி ஏழு அங்குலம், 170 சென்டிமீட்டர். வகுப்பில் கடைசி பெஞ்சுதான் எப்போதும். அவளுக்குத் தோளிலிருந்து முழங்கால் 91, முன் வளைவு 55. மொத்தம் 237 வேண்டும். அவள் முழம் நாற்பத்தைந்தரை, ஐந்து முழம் ஏறக்குறைய 228. அவளுக்கு இரண்டே கால் மீட்டரும் சரி, இரண்டரை மீட்டரும் சரி. ஆனால் செட்டோடு வரும் இரண்டு மீட்டரைப் போட்டால் பக்கத்துக்கு 72 சென்டிமீட்டர்தான் தொங்கும். தொடையின் நடுவுக்குச் சற்றுக் கீழே துணி நின்றுவிடும், மேல்சட்டையோ முழங்கால் வரை இருக்கும். "டீச்சர், தங்கச்சி ஷாலைப் போட்ட மாதிரி இருக்கு" என்று அவள் சொன்னது அதனால்தான். அந்த இரண்டு மீட்டர் ஷாலை அவள் வீணாக்க வேண்டாம். ஒரு தோளில் போட்டால் நான்கு முழக் கணக்குக்கு 182 போதும். இரண்டு மீட்டர் தாராளம். 180, 200 நீள ஸ்டோல்களை உயரமானவர்கள் ஒரு தோளில் போட்டால் நன்றாக இருப்பதும், இரண்டு தோளில் போட்டால் துண்டு மாதிரித் தெரிவதும் இதே காரணத்தால்தான்.

"நாங்கள் தாவணி கட்டின காலத்தில் இந்தப் பிரச்சினை இல்லையே டீச்சர்" என்று மூத்த மாணவிகள் கேட்பீர்கள். தாவணி இடுப்பைச் சுற்றிச் செருகும் துணி. நீளத்தில் பெரும் பங்கை இடுப்பே வாங்கிக்கொள்ளும். ஷாலை இடுப்பு வாங்கிக்கொள்வதில்லை. மிச்சமாகும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் கீழே தொங்கியே ஆகவேண்டும்.

அடுத்து அகலம். நீளத்தைப் பார்ப்பவர்கள்கூட அகலத்தைப் பார்ப்பதில்லை. மடித்துக் குத்துபவர்களுக்கு அகலம் என்பது உண்மையில் கனம். என் தம்பி மகளுக்குக் கழுத்து ஓரத்திலிருந்து தோள் முனை வரை பதினோரு சென்டிமீட்டர்தான். அதில் மடிப்பு ஏழரை சென்டிமீட்டர், அதாவது நான்கு விரல் அகலம் இருந்தால்தான் தோளில் உட்காரும், அதற்குமேல் போனால் கை பக்கம் சரியும். தொண்ணூறு சென்டிமீட்டர் அகலத்தை ஏழரையாக மடித்தால் பன்னிரண்டு அடுக்கு. மல்மல், ஷிஃபான் மாதிரி மெல்லிய துணியில் பன்னிரண்டு அடுக்கும் படிந்து கிடக்கும். கஞ்சி போட்ட பருத்தியிலோ கைத்தறியிலோ தோளில் ஒரு கட்டை வைத்த மாதிரி எழுந்து நிற்கும். எவ்வளவு பெரிய ஊக்கு குத்தினாலும் வாய் திறந்துகொள்ளும். சின்னத் தோள் உள்ளவர்கள் கனமான துணியில் மடித்துப் போட விரும்பினால் எழுபது அகலமே நல்லது. ஒன்பது அடுக்கோடு முடிந்துவிடும்.

மடிக்காமல் விரித்துப் போடுபவர்களுக்குக் கணக்கு தலைகீழ். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருப்பவர்கள் "எனக்குச் சின்ன ஸ்டோல் போதும்" என்று எழுபது அகலத்தை எடுக்கிறார்கள். அதை விரித்தால் விரித்தபடி நிற்காது, பத்து நிமிடத்தில் கயிறு மாதிரிச் சுருண்டு கழுத்தில் ஏறிக்கொள்ளும். அப்புறம் நாள் முழுவதும் இழுத்துவிடுவதே வேலை. உங்கள் ஷால் ஓயாமல் இழுக்கச் சொல்கிறதா? முதலில் அதன் அகலத்தை அளந்து பாருங்கள்.

தலைக்குக் கட்டும் ஸ்கார்ஃபுக்கு வந்தால் இதுவரை சொன்ன நீளக் கணக்கு செல்லாது. உயரம் ஏறினாலும் தலையின் அளவு அதிகம் ஏறுவதில்லை. குள்ளமான பெண்ணுக்கும் நெட்டையான பெண்ணுக்கும் நெற்றி முடியோரத்திலிருந்து உச்சி வழியாகப் பிடரி வரை 36, 38 சென்டிமீட்டர்தான் வரும். தாடைக்கு அடியிலிருந்து உச்சி வழியாக ஒரு சுற்று சுமார் 65 வரும். ஒரு பக்கம் மார்பு வரை முப்பது சென்டிமீட்டர் விட்டு, தலைமேல் போட்டு, தாடைக்கு அடியில் ஊக்கு குத்தி, நீளமான பக்கத்தைக் கழுத்தோடு கொண்டுபோய் இன்னொரு முறை தலையைச் சுற்றி ஓரத்தில் குத்துகிறீர்கள். முப்பதும் இரண்டு அறுபத்தைந்தும் சேர்ந்தால் 160. செருகவும் குத்தவும் இருபது. மொத்தம் 180. நீள ஸ்கார்ஃப்கள் பெரும்பாலும் 180-இல் வருவதன் பொருள் இப்போது புரிகிறதா? உள்ளே பெரிய கொண்டை இருந்தால் பத்துப் பதினைந்து கூட்டிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

உயரத்தோடு மாறவேண்டியது இங்கே அகலம். எனக்கு எழுதின அந்த மூன்றாவது பெண் இப்போது தானே ஆசிரியை. ஐந்து அடி ஆறு அங்குலம். நான் உயரம் ஆயிற்றே என்று 200 நீளம், எழுபது அகலத்தில் வாங்கியிருக்கிறாள். "கழுத்துல சுத்திச் சுத்தி வேர்க்குது டீச்சர். ஆனா போர்டுல எழுதக் கையைத் தூக்கினா முன்னாடி மேலே ஏறிடுது" என்றாள். ஒரே ஸ்கார்ஃபில் நீளம் மிச்சமாகவும் அகலம் பற்றாமலும் இருக்கிறது. எழுபதில் முப்பத்தேழைத் தலையே எடுத்துக்கொள்கிறது. பிடரிக்குக் கீழே 33 சென்டிமீட்டர்தான் மிச்சம். முன்பக்கமும் கழுத்தில் சுற்றும்போது அகலம் சுருங்கிவிடும். வீட்டில் அவளிடம் இருந்த 90 அகல ஷால் ஒன்றைக் கட்டிப் பார்க்கச் சொன்னேன். பிடரிக்குக் கீழே 53 வந்தது. கையைத் தூக்கினாலும் மார்பு மூடியே இருந்தது. இப்போது 180-க்கு 90 என்று கேட்டு வாங்குகிறாள். சதுர ஸ்கார்ஃப் கட்டுபவர்களுக்கும் இதே மாதிரிதான். தொண்ணூறு சதுரத்தை முக்கோணமாக மடித்தால் தலைக்கும் கழுத்துக்கும் சரியாகப் போகும். மார்பும் மூடவேண்டுமென்றால் 110, 120 எடுங்கள். உயரமானவர்கள் அதற்கும் மேலே போகலாம்.

சர்ச்சிலோ தர்காவிலோ கொஞ்ச நேரம் முக்காடு போட மட்டும் என்றால் சாதாரண ஷாலே போதும், ஆனால் அகலம் தொண்ணூறு இருக்கட்டும். எழுபது அகல ஸ்டோல் பின்னால் கனம் இல்லாமல் வழுக்கி வழுக்கி விழும்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். லேபிளில் இருக்கும் எண்ணை நம்பாமல் கடையிலேயே முழம் போட்டுவிடுங்கள். ஷாலின் ஓரத்தைப் பிடித்து இழுக்காமல், மேசைமேல் போட்டு அளக்க வேண்டும். ஷிஃபானும் ஜார்ஜெட்டும் இழுத்தால் கொஞ்சம் நீளும். இரண்டாவது, பருத்தி முதல் நனைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சுருங்கலாம். இரண்டு மீட்டரில் அது ஆறு முதல் பத்து சென்டிமீட்டர். அதனால் பருத்தியில் ஐந்து முழத்துக்கு மேல் ஒரு நான்கு விரல் கூடவே இருக்கட்டும். வெட்டிக் குட்டையாக்குவதென்றாலும் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள்.

குட்டையாக்குவது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். கரையில்லாத சாதா ஷால் என்றால் ஒரு முனையில் வெட்டிப் பீகோ அடித்தால் முடிந்தது. முனையில் முந்தி இருந்தால் நடுவில் வெட்டி ஒட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். இரண்டு தோளில் போடும்போது ஷாலின் நடுப்பகுதிதான் நெஞ்சில் எல்லோருக்கும் தெரியும். ஒரு முனையின் முந்தியை மட்டும் தையலுக்கு ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டி எடுத்து, வேண்டாத துணியை நீக்கி, முந்தியை மறுபடி சேர்த்துவிடுங்கள். தையல் பின்பக்கம், முழங்கால் அருகே மடிப்புக்குள் போய்விடும். என் தம்பி மகளின் சுங்குடியை அப்படித்தான் நாற்பது சென்டிமீட்டர் எடுத்துத் தைத்தேன். எடுத்த துணியில் அவளுடைய நாற்காலி ஓட்டைகளில் ஒன்றும் சேர்ந்து போனது. இன்னொன்றில் ஒரு பூ தைத்துவிட்டாள்.

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். போன மாதம் அவள் அண்ணன் பைக்கில் பின்னால் போகும்போது அதே இரண்டரை மீட்டர் ஷாலின் நுனி பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. நல்லவேளை, தெருமுனை, வேகம் இல்லை. தோள் ஊக்கு தெறித்துத் துணி கழன்றுவிட்டது. கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு மட்டும் பத்து நாள் இருந்தது.

"இனிமே குட்டை ஷால்தானே அத்தை, பயமில்லை" என்றாள். அதையும் அளந்து காட்டினேன். பைக் இருக்கை ஏறக்குறைய எண்பது சென்டிமீட்டர் உயரம். அதில் உட்கார்ந்தால் அவள் தோள் 130-இல் இருக்கும். இரண்டரை மீட்டர் ஷாலின் நுனி தரைக்கு முப்பது சென்டிமீட்டர் மேலே, சக்கரத்துக்கு நேர் நடுவில் ஆடும். இரண்டு மீட்டர் ஷாலின் நுனி 55 சென்டிமீட்டர் உயரத்தில். சக்கரத்தின் உச்சி அறுபதை ஒட்டி இருக்கிறது. ஆக, நடக்கும்போதும் உட்காரும்போதும் சரியாக இருக்கிற அளவுகூட வண்டியில் சக்கரத்தை எட்டும். காற்று வேறு அதைப் பக்கவாட்டில் தள்ளும்.

வண்டியில் ஏறும்முன் ஷாலை உடம்போடு சேர்த்துவிடுவது ஒன்றுதான் வழி. இரண்டு நுனிகளையும் முன்னால் கொண்டுவந்து இடுப்பில் முடிச்சிட்டு உட்காருங்கள், அல்லது மடித்துப் பைக்குள் வையுங்கள். கழுத்தைச் சுற்றி மட்டும் போடாதீர்கள். முகத்துக்குச் சுற்றுபவர்கள் நுனிகளைச் சட்டைக்குள்ளோ கோட்டுக்குள்ளோ செருகிவிடுங்கள். இரு சக்கர வண்டியில் பின்னால் உட்காருபவரின் உடை சிக்காமலிருக்கப் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்கவேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, 123-ஆவது விதியே சொல்கிறது. சேலை கார்டு என்று நாம் சொல்வது அதைத்தான். அழகாயில்லை என்று அவள் அண்ணன் கழற்றி மொட்டைமாடியில் போட்டிருந்தான். எடுத்து மாட்டச் சொல்லி, மாட்டினதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பவும் சொன்னேன். அனுப்பிவிட்டான்.

உங்கள் வீட்டு வண்டியிலும் இன்றைக்கே குனிந்து பாருங்கள். பிறகு பீரோவைத் திறந்து, அதிகம் போடும் ஷாலை எடுத்து முழம் போடுங்கள். எத்தனை முழம் வந்தது, எந்தத் தோளில் போடுவீர்கள் என்று கீழே எழுதினால் என்ன செய்யலாம் என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொல்கிறேன். உயரத்தையும் சேர்த்து எழுதவும். பொய் சொல்லி இரண்டு அங்குலம் கூட்டுபவர்கள் யார் யார் என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.